ஆங்கிலவழி விரிவுரையும் முதல் தலைமுறை மாணவரின் வேண்டுகோள் மடலும்: பழவேற்காட்டுச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்து, ஆங்கிலவழி வகுப்பறைக்குள் நுழையும் முதல் தலைமுறை மாணவர், விரிவுரை விளங்கவில்லை என்பதைத் தம் வழிகாட்டி ஆசிரியருக்கு மின்மடல்வழி அறிவிக்கும்போது, அம்மடல் பெரும்பாலும் உரிய உதவியைப் பெற்றுத் தருவதில்லை. மாணவர் கைக்கொள்ளும் மடல்வகை விடுப்பு விண்ணப்பத்தின் வார்ப்பில் அமைந்திருப்பதும், விளங்காமையின் இடம் இன்னதென்று சுட்டும் சொற்கள் அவரிடம் இல்லாமையும் இதற்குக் காரணங்களாகும். பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவ ஊர்களின் சூழலில் வைத்து, ஒரு விரிவுரைத் தொடரையும் இரு மடல் வடிவங்களையும் ஒப்பிட்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, முதல் தலைமுறை, விரிவுரை கேட்டல், வேண்டுகோள் மடல், விண்ணப்பம், தொல்காப்பியம், நன்னூல்.

முன்னுரை

தமிழ் மரபில் கற்றலுக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘பாடம் கேட்டல்’ என்பதாகும். ஒருவரிடம் படித்தான் என்பதை ‘அவரிடம் பாடம் கேட்டான்’ என்று சொல்வதே வழக்கு. எனவே கேட்பது விளங்கவில்லை என்று ஒரு மாணவர் எழுதும்போது, தமக்குக் கற்றலின் வாயிலே அடைபட்டிருப்பதாக அறிவிக்கிறார் எனலாம்.

இவ்வறிவிப்பு எழும் களங்களுள் ஒன்று பழவேற்காடு. திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி வட்டத்தில், சென்னைக்கு வடக்கே அமைந்த இவ்வூர், இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் சிலிக்காவை அடுத்துப் பெரியதாகிய ஏரியின் தென்பகுதியில் உள்ளது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திற்கு உரியது. டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வாணிகத்திற்கு இவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தனர். இன்று ஏரியிலும் கடலிலும் மீன்பிடித்தலே சுற்றுவட்டார ஊர்களின் முதன்மைத் தொழில். ஏரியில் வலையிடும் இடங்களைக் குலுக்கல் முறையிலும் முறைவைப்பிலும் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கம் இங்குள்ள மீனவர்களிடையே நெடுங்காலமாக நிலவுகிறது. எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடலாம் என்பதை எழுத்தின் துணையின்றியே வாய்மொழியில் பேணிவரும் நுட்பமான ஒழுங்கு இது. இத்தகைய வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் அறிவில் வறியவர் அல்லர். அவர்தம் அறிவு வேறொரு மொழியில், வேறொரு வடிவில் சேமிக்கப்பட்டுள்ளது என்பதே உண்மை.

‘முதல் தலைமுறை’ என்னும் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் நிருவாகப் பொருள் ஒன்றும் உண்டு. குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லை என்று வருவாய்த் துறை வழங்கும் சான்றிதழின் அடிப்படையில், 2010-11ஆம் கல்வியாண்டு முதல் தொழிற்கல்விப் படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை அளிக்கப்படுகிறது. இச்சலுகை பணத்தடையை நீக்குகிறது, மொழித்தடையைத் தொடுவதில்லை. மொழித்தடையை மாணவர் தாமே கண்டறிந்து, தாமே எடுத்துரைக்க வேண்டியுள்ளது. அவ்வெடுத்துரைப்புக்குரிய வடிவமே இங்கு ஆராயப்படும் மடல்.

மொழிவழிச் சூழல்

கல்லூரிக் கல்வியில் தமிழ்வழி புதியதன்று. 1960இல் கோயம்புத்தூர் அரசினர் கலைக் கல்லூரியில் சோதனை முறையாகத் தமிழ்வழிப் பட்ட வகுப்பு தொடங்கப்பெற்றது. அதனையொட்டிக் கல்லூரிப் பாடநூல்கள் தமிழில் வெளிவந்தன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023 ஏப்ரலில், ஆங்கிலவழிப் படிப்பாயினும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத மாணவரை இசையலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது.

இவை யாவும் எழுத்தைப் பற்றியவை: பாடநூல், வினாத்தாள், விடைத்தாள். விரிவுரையாகிய கேள்விச்செயலை இவை நேரடியாக நோக்கவில்லை. விடையைத் தமிழில் எழுத இசைவு பெற்ற மாணவரும், அவ்விடைக்குரிய பொருளை ஆங்கிலத்தில்தான் கேட்டறிய வேண்டியிருக்கிறது. ஆகவே தேர்வுமொழி பற்றிய இசைவு, இம்மடலில் எழும் குறைக்கு முழு விடையாகாது.

விளங்காமையின் மூன்று இடங்கள்

‘விரிவுரை விளங்கவில்லை’ என்னும் ஒரு தொடர் வெவ்வேறான பல குறைகளைக் குறிக்கக்கூடும். அவற்றைப் பிரித்தறியாமல் எந்த உதவியும் பயன்தராது. விளக்கத்திற்காக ஒரு சூழலை எடுத்துக்கொள்ளலாம். பழவேற்காட்டு மீனவ ஊரிலிருந்து வந்த மாணவி ஒருவர் இளம் அறிவியல் விலங்கியல் முதலாண்டு பயில்கிறார். வகுப்பில் காயல் சூழலியல் நடத்தப்படுகிறது. ஆசிரியர் ஆங்கிலத்தில் கூறும் தொடர், தமிழ் எழுத்தில் தந்தால், பின்வருமாறு அமையும்:

‘அன்லெஸ் தி மவுத் இஸ் ஓபன், ஜூவனைல்ஸ் தட் ஹேட்ச் இன் தி சீ கெனாட் என்டர் தி லகூன்.’

இதன் பொருள், ‘முகத்துவாரம் திறந்திருந்தாலன்றி, கடலில் பொரிக்கும் குஞ்சுகள் காயலுக்குள் நுழைய இயலாது’ என்பதாகும். இச்செய்தி அம்மாணவிக்குப் புதியதன்று. முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபட்டால் இறால் வரத்தும் மடவை வரத்தும் குறையும் என்பது ஏரிக்கரை வீடுகளில் அன்றாடப் பேச்சு. இருப்பினும் இத்தொடர் அவருக்கு விளங்காமற்போக மூன்று இடங்களில் வாய்ப்பு உண்டு.

முதலாவது ஒலியிடம். மாணவி ஆங்கிலச் சொற்களை எழுத்துவடிவில் கற்றவர். ஏட்டில் இடைவெளியிட்டு நிற்கும் சொற்கள் பேச்சில் ஒன்றோடொன்று ஒட்டி வருகின்றன. ‘தட்’, ‘இன்’, ‘தி’ போன்ற இடைச்சொல் நிகர்த்தவை அழுத்தம் இழந்து குறுகுகின்றன. ஏட்டில் கண்டால் அறியக்கூடிய சொல், செவியில் விழும்போது அறியாச் சொல்லாகிவிடுகிறது. தமிழில் புணர்ச்சி சொற்களை ஒட்டச் செய்யினும் அதற்கு இலக்கணம் வகுத்த விதிகள் உள. பள்ளியிலேயே அவை கற்பிக்கப்படுகின்றன. ஆங்கிலப் பேச்சில் நிகழும் ஒட்டுதலும் குறுகலும் பள்ளிப்பாடத்தில் பெரிதும் இடம்பெறுவதில்லை.

இரண்டாவது சொல்லிடம். ‘ஜூவனைல்’, ‘லகூன்’ என்பன அறியாச் சொற்கள். காயற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்க்கும் ‘லகூன்’ என்பது தம் ஊர் ஏரிதான் என்று தெரிவதில்லை. அவர்க்கு அது ‘ஏரி’ மட்டுமே. எனினும் இத்தொடரில் பேரிடர் தருவது இவ்வரிய சொற்கள் அல்ல. ‘மவுத்’ என்னும் எளிய சொல்லே. மாணவி இச்சொல்லை மூன்றாம் வகுப்பிலேயே ‘வாய்’ என்று கற்றிருப்பார். அவர் செவியில் மீன்குஞ்சின் வாய் திறந்திருக்கிறது என்ற பொருளே தோன்றும். அறியாச் சொல் தன்னை அறியாச் சொல் என்று காட்டிக்கொள்ளும். அறிந்த சொல் புதுப்பொருளில் வரும்போது அவ்வாறு காட்டிக்கொள்வதில்லை. ஆகவே, ‘தெரியாத சொற்களைப் பட்டியலிட்டு வா’ என்று ஆசிரியர் பணித்தால், இப்பட்டியலில் ‘மவுத்’ இடம்பெறாது. தமிழும் இவ்விடத்தில் உடலுறுப்பின் பெயரையே உருவகமாகக் கொண்டு ‘முகத்துவாரம்’, ‘கழிமுகம்’ என்று ஆக்கியிருப்பது கருதத்தக்கது. ‘மவுத் என்றால் இங்கு முகத்துவாரம்’ என்று ஆசிரியர் ஒரே ஒரு சொல்லைத் தமிழில் கூறியிருப்பின், மாணவியின் ஊரறிவு முழுவதும் அத்தொடருக்குள் வந்து சேர்ந்திருக்கும்.

மூன்றாவது தொடரிடம். தமிழில் பெயரடை பெயருக்கு முன் நிற்கும்: ‘கடலில் பொரிக்கும் குஞ்சுகள்’. ஆங்கிலத்தில் அது பெயருக்குப் பின் நிற்கும்: ‘குஞ்சுகள் - அவை கடலில் பொரிப்பவை’ என்னும் முறையில். தமிழ் கேட்போன் வினைமுற்று இறுதியில் வரும் என்று காத்திருந்து பழகியவன். ஆங்கிலத் தொடரிலோ ‘ஹேட்ச்’ என்னும் வினை இடையில் வந்து, முதன்மை வினை போலத் தோன்றி, பின்னர் ‘கெனாட் என்டர்’ என்னும் உண்மையான முதன்மை வினைக்கு இடம்விடுகிறது. கேட்போர் தம் தொடர்ப்பகுப்பைக் கலைத்து மீண்டும் அமைக்க வேண்டும். ஏட்டில் கண்ணைப் பின்னே செலுத்தலாம். செவிக்கு அவ்வாய்ப்பு இல்லை. கலைத்து அமைக்கும் நொடிகளில் ஆசிரியர் அடுத்த தொடருக்குச் சென்றுவிடுகிறார். இதனால் விளையும் இழப்பு ஒரு தொடரின் இழப்பாக நில்லாமல், அடுத்து வருவனவற்றின் தொடர்ச்சியையும் அறுக்கிறது.

இம்மூன்றையும் கண்டறியும் வழி எளியது. விரிவுரையின் ஒரு பகுதியை ஆசிரியர் மாணவரிடம் மூன்று வடிவில் தந்து பார்க்கலாம்: முதலில் செவிவழி ஆங்கிலத்தில், அடுத்து அதே ஆங்கிலத்தை எழுத்தில், இறுதியில் தமிழில். செவியில் விளங்காதது ஏட்டில் விளங்கினால் குறை ஒலியிடத்தது. அல்லது வேகத்தால் வந்தது. ஏட்டிலும் விளங்காமல் தமிழில் மட்டும் விளங்கினால் குறை சொல்லிடத்தது அல்லது தொடரிடத்தது; எந்தச் சொல்லில், எந்தத் தொடரில் தடைப்பட்டார் என்று கேட்டு அதனை மேலும் பகுக்கலாம். தமிழிலும் விளங்கவில்லையெனில் குறை மொழியில் இல்லை, முன்னறிவில் உள்ளது. இச்சோதனைக்குக் கால்மணி நேரம் போதுமானது.

இப்பகுப்பு செய்யப்படாதவிடத்து நேரும் தீங்கு ஒன்றுண்டு. தேசிய மதிப்பீட்டு மற்றும் அங்கீகாரக் குழுவின் 2017ஆம் ஆண்டுக் கையேட்டில், மாணவரின் கற்றல்நிலையை மதிப்பிட்டு, விரைந்து கற்போர்க்கும் மெதுவாகக் கற்போர்க்கும் தனித்தனித் திட்டங்கள் வகுத்தல் ஓர் அளவுகோலாக இடம்பெற்றது. அதன் நோக்கம் நன்று. ஆயினும் மொழியால் தடைப்பட்டவரை மெதுவாகக் கற்பவர் என்று வகைப்படுத்த இவ்விருபாற் பகுப்பு எளிதில் இடந்தரும். அவ்வகையில் சேர்க்கப்பட்டவர்க்கு அதே பாடம் அதே ஆங்கிலத்தில் மறுமுறை நடத்தப்படுகிறது. தடை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

விடுப்பு விண்ணப்பத்தின் வார்ப்பு

தமிழ்வழிப் பள்ளி மாணவர் ஆங்கிலத்தில் முழுமையாக எழுதிப் பழகிய மடல் பெரும்பாலும் விடுப்பு விண்ணப்பம் ஒன்றே. அனுப்புநர், பெறுநர், விளி, காரணம், நாட்கணக்கு, பணிவுரை, கையொப்பம் என்னும் அதன் உறுப்புகள் மனப்பாடமாகவே அமைந்துவிடுகின்றன. கல்லூரியில் விரிவுரை விளங்காதபோதும் கைவருவது இவ்வார்ப்பே. விளக்கத்திற்காகப் புனைந்த மடல் ஒன்று, தமிழில் தந்தால், பின்வருமாறு இருக்கும். இஃது எந்தத் தனிமாணவர் எழுதியதும் அன்று:

‘மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம். நான் முதலாமாண்டு விலங்கியல் பயிலும் மாணவி. நான் தமிழ்வழியில் படித்து வந்தபடியால் வகுப்பில் நடத்துவது எதுவும் புரியவில்லை. எங்கள் குடும்பத்தில் நான்தான் முதலில் கல்லூரிக்கு வந்துள்ளேன். ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி.’

இம்மடலில் பண்புக்குறை எதுவும் இல்லை. விளி முறையானது, பணிவு நிறைந்தது, காரணம் உண்மையானது. எனினும் இதனைப் பெறும் ஆசிரியர் செய்யக்கூடியது இன்னதென்று இதில் ஒன்றுமில்லை. ‘எதுவும் புரியவில்லை’ என்பது ஒலி, சொல், தொடர் என்னும் மூவிடங்களையும் ஒருங்கே மூடிவிடுகிறது. ‘ஆவன செய்யுமாறு’ என்பது செயலை முழுவதும் பெறுநரிடம் ஒப்படைக்கிறது.

‘ஆவன செய்தல்’ என்னும் தொடர் அலுவலக விண்ணப்பத்தில் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. அங்குக் குறைக்குரிய விதியும் அதற்குரிய நடைமுறையும் முன்னரே உள்ளன. பட்டா மாற்றம் கேட்பவர் அதன் படிநிலைகளை அறிந்திருக்க வேண்டுவதில்லை, அலுவலர் அறிவார். விடுப்பு விண்ணப்பமும் அத்தகையதே: இசைவு அல்லது மறுப்பு என்னும் இரண்டே விடைகள் அதற்குண்டு. விரிவுரை விளங்காமைக்கோ அவ்வாறான முன்விதி இல்லை. எது விளங்கவில்லை என்பதை மாணவர் ஒருவரே அறிவார். ஆகவே இம்மடல்வகையில் பணிவு மட்டும் கடந்து செல்கிறது, செய்தி கடப்பதில்லை. ஆசிரியரும் ‘கவலைப்படாதே, போகப் போகப் பழகிவிடும்’ என்று ஆறுதல் கூறுவதன்றி வேறு மறுமொழி தர இயலாதவராகிறார்.

வேண்டுகோளின் இலக்கணம்

வேண்டுவோனுக்கும் வேண்டப்படுவோனுக்கும் உள்ள தரவேறுபாடு சொல்லில் பதிவாகும் என்பதைத் தொல்காப்பியம் தெளிவாகக் கூறுகிறது. எச்சவியலில் ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்னும் மூன்றும் இரத்தற்கிளவிகளாகக் கூறப்பட்டு, அவை முறையே தாழ்ந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் ஆகியோர்க்குரியனவாக வகுக்கப்படுகின்றன. கேட்கப்படும் பொருள் ஒன்றாயினும் கேட்போரின் நிலைக்கேற்பச் சொல் வேறாகிறது. தமிழ் மாணவர் தம் ஆசிரியருக்கு எழுதும்போது இவ்வுணர்வு இயல்பாகவே உடன்வருகிறது. அதனை விட்டொழிக்குமாறு கூறுவது பொருந்தாது, தேவையும் அன்று.

பிறமொழிச் சூழல்களிலும் இவ்வேறுபாடு ஆராயப்பட்டுள்ளது. சீன மொழியில் வானொலி நிலையத்திற்கு எழுதப்பட்ட வேண்டுகோள் மடல்களை 1991இல் ஆராய்ந்த ஆண்டி கிர்க்பாட்ரிக், அவற்றில் விளி, முகமன், காரணங்கள் ஆகியவை முன்வந்து வேண்டுகோள் இறுதியில் வருவதைச் சுட்டினார். தமிழ் விண்ணப்பமும் ‘ஆகவே’ என்னும் சொல்லுக்குப் பின்னரே வேண்டுகோளை வைக்கிறது. சைப்ரஸ் நாட்டு மாணவர் ஆசிரியர்க்கு ஆங்கிலத்தில் எழுதிய மின்மடல்களை 2011இல் ஆராய்ந்த மரியா இக்கானமிடூ-கொகெட்சிடிஸ், அவற்றில் நேரடித்தன்மை மிகுந்தும் விளியும் முகமனும் குறைந்தும் காணப்படுவதைக் காட்டினார். அங்கு மடல் பிழைபடுவது பணிவுக் குறைவால். பழவேற்காட்டுச் சூழலுக்கு எடுத்துக்காட்டிய மடலிலோ பணிவுக்குக் குறைவில்லை. அது பயன்படாமற்போவது செய்திக் குறைவால். எனவே மின்மடல் எழுதுதல் பற்றிய ஆங்கில வழிகாட்டிகள் வற்புறுத்தும் முகமன் விதிகள் இம்மாணவர்க்கு வேண்டிய உதவியைத் தாரா. காரணம் முன்னும் வேண்டுகோள் பின்னுமாக வரும் தமிழ் முறையை அவ்வாறே வைத்துக்கொண்டு, காரணத்தை நோய்க்குறி போலவும் வேண்டுகோளைச் செயல் போலவும் தெளிவுபடுத்துவதே போதுமானது.

மடலின் மொழி பற்றியும் இங்குக் கூற வேண்டும். ஆங்கிலம் விளங்கவில்லை என்பதை ஆங்கிலத்தில் எழுத முற்படும் மாணவர், தமக்குத் தெரிந்த ஆங்கிலம் எவ்வளவோ அவ்வளவே தம் குறையைச் சொல்ல முடிகிறது. அவர்க்குத் தெரிந்ததோ விடுப்பு விண்ணப்ப ஆங்கிலம். தம் தடையை நுட்பமாக விரித்துரைக்கும் ஆற்றல் அவர்க்குத் தமிழில்தான் உள்ளது. வழிகாட்டி ஆசிரியர் தமிழறிந்தவராயின் மடலைத் தமிழில் எழுதுவதே கருத்துத் தெளிவுக்கு உகந்தது. ‘மடல் எம்மொழியிலும் இருக்கலாம்’ என்று ஆசிரியர் முதல் வகுப்பிலேயே ஒருமுறை கூறிவிடின் இத்தயக்கம் நீங்கும்.

திருத்திய மடல்

மேற்கூறிய பகுப்பை உட்கொண்டு அதே மாணவி எழுதுவதாக அமைத்த மடல் வருமாறு:

‘மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம். பழவேற்காட்டிலிருந்து வந்து முதலாமாண்டு விலங்கியல் படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். கடந்த இரண்டு வாரங்களாகக் காயல் சூழலியல் வகுப்பில் எனக்கு எங்கே தடை வருகிறது என்று கவனித்து எழுதி வைத்துள்ளேன். கரும்பலகையில் எழுதினால் பெரும்பாலும் விளங்குகிறது. பேசும்போது சொற்களைப் பிரித்தறிய முடியவில்லை. தெரிந்த சொற்களே வேறு பொருளில் வருகின்றன. செவ்வாய்க்கிழமை வகுப்பில் ‘மவுத்’ என்பதை மீனின் வாய் என்று எண்ணிவிட்டேன். முகத்துவாரம் என்று பிறகு தோழி சொல்லித்தான் தெரிந்தது. அதன்பின் அந்தப் பாடம் முழுவதும் எங்கள் ஊர் ஏரியைப் பற்றியது என்று புரிந்தது. முதல் நாள் பாடநூலைப் படித்துவிட்டு வந்தால் சற்று விளங்குகிறது. ஆனால் மறுநாள் எந்தப் பகுதி நடக்கும் என்று தெரிவதில்லை. ஆகவே, அடுத்த வகுப்பில் நடத்தவிருக்கும் பகுதியையும் அதில் வரும் முதன்மைச் சொற்களையும் முன்னதாகச் சொல்லி உதவ இயலுமா என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் தங்களை வந்து பார்க்கலாமா? மாலையில் ஊருக்குப் பேருந்து பிடிக்க வேண்டியிருப்பதால் அந்நேரத்தைக் கேட்கிறேன். தங்கள் மாணவி.’

இம்மடல் முன்னதினும் பணிவில் குறைந்ததன்று. ஆயினும் ஐந்து செய்திகள் இதில் உள்ளன: தடை எவ்விடத்தில் நேர்கிறது, அதற்கு ஒரு சான்று, தாமாக முயன்றது எது, எதுவரை பயன்பட்டது, வேண்டப்படும் உதவி எது. உதவியும் சிறிய அளவினது. பாடத்தின் மொழியை மாற்றுமாறு கேட்கப்படவில்லை, முன்னறிவிப்பே கேட்கப்படுகிறது. மறுமொழியாக ஆசிரியர் ‘ஆம்’ என்றோ, ‘அது இயலாது, ஆனால் இது இயலும்’ என்றோ கூற இடமுண்டு. மாணவி தம் ஊரைக் குறிப்பிட்டதும் இங்கு இரக்கம் வேண்டியன்று. பாடப்பொருளில் அவர்க்குள்ள முன்னறிவை ஆசிரியர் அறிந்து பயன்படுத்த அது துணைசெய்கிறது.

முதன்மடலிலிருந்து இம்மடலுக்கு மாணவர் தாமே வந்துசேர்வார் என எதிர்பார்த்தல் முறையன்று. குடும்பத்தில் கல்லூரி கண்டவர் எவரும் இல்லாதபோது, ஆசிரியரிடம் இவ்வளவு கேட்கலாம், இவ்வாறு கேட்கலாம் என்று சொல்லித் தருவார் இல்லை. எனவே முதன்மடலைப் பெற்ற ஆசிரியரே, ‘எந்த வகுப்பில், எந்தச் சொல்லில், எழுதினால் விளங்குகிறதா’ என்னும் வினாக்களை மறுமடலாக எழுதுவது முதற்படி.

ஆசிரியர் செய்யத்தக்கனவும் அவற்றின் எல்லையும்

தடையின் இடத்திற்கேற்ப உதவி வேறுபடும். ஒலியிடத்துக் குறைக்குக் கரும்பலகைச் சுருக்கம் பயன்தரும். சொல்லிடத்துக் குறைக்கு அன்றைய பாடத்தின் முதன்மைச் சொற்கள் பத்தைத் தமிழிணைகளோடு முன்னரே தருதல் வேண்டும். ‘மவுத்’ போன்று அறிந்த சொல் புதுப்பொருள் பெறுவனவற்றை அப்பட்டியலில் ஆசிரியரே சேர்க்க வேண்டும். தமிழ் இணைய்க் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுதிகளும் சொற்குவைத் தளமும் இதற்குத் துணையாகும். எனினும், அகராதிச் சொல்லினும் மாணவர் வாழும் ஊரின் சொல் விரைந்து விளங்கும். ‘மியூஜில் செஃபாலஸ்’ என்பது மடவை எனக் கூறிவிடின் அடுத்த பத்து நிமிடம் மாணவி பாடத்துக்கு உள்ளே இருப்பார்.

தொடரிடத்துக் குறைக்குச் சொற்பட்டியல் உதவாது. கிரெய்க் சாட்ரனும் ஜேக் ரிச்சர்ட்ஸும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்போர்க்கு விரிவுரை விளங்குவதில், ‘இனி நாம் காணப்போவது’, ‘இதுவரை கண்டதன் சுருக்கம்’ என்பன போன்று பாடத்தின் பெரும்பகுதிகளைப் பிரித்துக்காட்டும் குறிப்புரைகள் துணைசெய்தன; தொடருக்குத் தொடர் இடையில் வரும் சிற்றிணைப்புச் சொற்கள் அவ்வாறு துணைசெய்யவில்லை என்று அவர்கள் கண்டனர். ஒரு தொடரைத் தவறவிட்டவர் மீண்டும் பாடத்தைப் பற்றிக்கொள்ளும் படிக்கட்டுகளாக இக்குறிப்புரைகள் அமைகின்றன. அவற்றை மட்டும் தமிழில் கூறினாலும் போதும். விரிவுரை ஆங்கிலத்திலேயே தொடரலாம்.

விரிவுரையை ஒலிப்பதிவு செய்து மீண்டும் கேட்டல் என்பது பலரும் கூறும் வழி. அதற்கு எல்லை உண்டு. ஒரு மணி நேர விரிவுரையை நிறுத்தி நிறுத்திக் கேட்க அதனினும் பன்மடங்கு நேரம் தேவைப்படும். நாள்தோறும் பேருந்தில் சென்று மீண்டு, வீட்டில் மீன் தொழிலுக்கும் துணைநிற்கும் மாணவர்க்கு அந்நேரம் வாய்ப்பதில்லை. ஆசிரியரின் இசைவோடு, தடைப்பட்ட பத்து நிமிடப் பகுதியை மட்டும் கேட்பதே நடைமுறைக்கு ஏற்றது. முழுத் தமிழ்க் குறிப்புகளைத் தருவதும் தேர்வுக்குத் துணையாகும்; ஆனால் கேட்கும் ஆற்றலை அது வளர்ப்பதில்லை. பட்ட மேற்படிப்பில் அதே தடை மீண்டும் எதிர்ப்படும்.

இவ்விடத்தில் நன்னூற் பொதுப்பாயிரம் கூறும் கணக்கு நினைக்கத்தக்கது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவர் பெறுவது கால்பங்கே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்பது அதன் கருத்து. இருமுறை கேட்பின் பிழை குறையும், மும்முறை கேட்பின் முறையறிந்து உரைக்கலாம் என்றும் அது கூறுகிறது. விரிவுரை முடிந்ததும் மாணவர் நால்வர் கூடி, கேட்டதை இருபது நிமிடம் தமிழில் ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்தல் இக்கணக்கின்படி முக்கால்பங்குக்கு வழிசெய்கிறது. மேற்கண்ட மாணவி இக்குழுவில் பெறுபவராக மட்டும் இரார். ஆங்கிலத் தொடரைத் தோழி விளக்க, முகத்துவாரம் அடைபட்டால் ஏரியில் என்ன நேரும் என்பதை இவர் விளக்குவார். அந்நிலையில் மெதுவாகக் கற்பவர் என்னும் அடை இவர்க்குப் பொருந்தாது போகும்.

முடிவுரை

விரிவுரை விளங்கவில்லை என்னும் மடல் ஒரு குறையறிவிப்பாகத் தோன்றினும், உண்மையில் அது பாடம் கேட்கத் தொடங்கியதன் அடையாளம். கேளாதவர்க்கு விளங்காமை தெரியாது. அம்மடல் பயன்தருவதற்கு மாணவர் பணிவை இழக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் எழுத வேண்டியதும் இல்லை. தடை ஒலியிலா, சொல்லிலா, தொடரிலா என்பதையும், வேண்டுவது எது என்பதையும் சுட்டினால் போதும். அதைச் சுட்டும் சொற்கள் முதல் தலைமுறை மாணவரிடம் தொடக்கத்தில் இரா. ‘எதுவும் புரியவில்லை’ என்று வரும் ஒரு வரியைப் பெறும் ஆசிரியர், ஆறுதல் எழுதுகிறாரா, வினா எழுதுகிறாரா என்பதைப் பொறுத்தே அச்சொற்கள் பிறக்கும்.